இரவு ஒரு மணிக்கு வருபவருக்கு ‘குட் மார்னிங்’ சொல்வதா, ‘குட் ஈவினிங்’ சொல்வதா?

முகப்பு_இரவுப்பணி

எல்லோருக்கும் வணக்கம். ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இரவுப் பணியில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் காலை ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பேன். பயிற்சியின்போது ஒரு தாள் கொடுத்தார்கள். பகல் 12 மணி வரை குட் மார்னிங், 12 முதல் 5 வரை குட் ஆஃப்டர்நூன், அதற்கு மேல் குட் ஈவினிங். உள்ளே வருபவரிடம் குட் நைட் சொல்லக் கூடாது, அது அனுப்பி வைக்கும்போது சொல்வது என்று அடிக்கோடிட்டுச் சொன்னார்கள். நள்ளிரவைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி கூட இல்லை.

போன வாரம் இரவு 1:10க்கு ஒரு குடும்பம் விசேஷம் முடிந்து திரும்பி வந்தது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு குட் மார்னிங் என்றேன். அவர்களில் பெரியவர் நின்று, “நாங்க இன்னும் படுக்கவே இல்லையேம்மா” என்றார். கோபமில்லை, ஆனால் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் அதை நினைவில் வைத்து, 4:15க்குப் பெட்டியோடு கீழே இறங்கி வந்த ஒருவரிடம் குட் ஈவினிங் என்றேன். விமானம் பிடிக்கக் கிளம்பியவர் அவர். குளித்து, தலைவாரி, பளிச்சென்று இருந்தார். “ஈவினிங்கா?” என்று திரும்பக் கேட்டார்.

எத்தனை மணிக்கு ஒன்றை விட்டு மற்றதற்கு மாற வேண்டும்? தெளிவாக ஒரு நேரம் சொன்னால் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்வேன்.

கடிகாரமுள்

இதில் குழம்ப ஒன்றுமில்லை. நள்ளிரவு 12:00க்குத் தேதி மாறுகிறது. அதன்பின் வருவதெல்லாம் ஏ.எம். ஏ.எம். என்றால் காலை. எனவே 12:01 முதல் குட் மார்னிங்தான் சரி. அந்தப் பெரியவர் தூங்கினாரா இல்லையா என்பது அவர் பாடு. நீங்கள் சொன்னது தவறில்லை.

விடியல்வாசல்

நல்ல வேளை யாரோ இதை எடுத்தீர்கள். எங்கள் உறவினர் குழுவில் விடியற்காலை 4:30க்கே ஒருவர் பூப்படத்தோடு காலை வணக்கம் போட ஆரம்பித்துவிடுவார். பத்து மணி வரை ஒவ்வொருவராகப் பதில் போடுவார்கள். மதியம் தூங்கி எழுந்து ஒருவர் காலை வணக்கம் போடுவார். எத்தனை மணிக்கு மேல் இதைப் போடக் கூடாது என்று ஒரு விதி வந்தால் நானும் எங்கள் குழுவில் ஒட்டுவேன்.

சொல்தேடி

விடியல்வாசல், அவர் கேட்பது குழுச் செய்தி பற்றியல்ல, நேரில் வந்து நிற்பவரிடம் சொல்வது பற்றி. உங்கள் கேள்விக்கும் பதில் இதிலேயே ஓரளவு வந்துவிடும்.

கடிகாரமுள் சொன்னதில் பாதி சரி. தேதி நள்ளிரவில்தான் மாறுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏ.எம். என்பதற்குக் காலை என்று பொருள் இல்லை. அது ‘உச்சிப்பொழுதுக்கு முன்’ என்ற லத்தீன் தொடரின் சுருக்கம். இரவு ஒரு மணியும் உச்சிக்கு முன்தான், அதனால் அது ஏ.எம். ஆகிறது. அதை வைத்து அது காலை என்று முடிவு கட்ட முடியாது. நாமே பேசும்போது “புதன் ராத்திரி ரெண்டு மணிக்கு” என்கிறோம். நாட்காட்டிப்படி அது வியாழன். நம் பேச்சில் நாள் இன்னும் விடியலோடுதான் தொடங்குகிறது.

இரண்டு விருந்தினரையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1:10க்கு வந்தவர்கள் முந்தைய நாளின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். 4:15க்கு இறங்கி வந்தவர் அடுத்த நாளைத் தொடங்கிவிட்டவர். இன்னும் ஒரு படி போகிறேன். அதே 4:15க்கு, அதே வாசலில், ஒருவர் விருந்து முடிந்து உள்ளே வருகிறார், இன்னொருவர் பெட்டியோடு வெளியே போகிறார் என்று வையுங்கள். கடிகாரம் ஒன்றுதான். ஆனால் உள்ளே வருபவருக்கு குட் மார்னிங் பொருந்தாது, வெளியே போகிறவருக்கு குட் ஈவினிங் பொருந்தாது. நடுவில் இருப்பது தூக்கம். கேட்பவர் தூங்கி எழுந்தவரா, இன்னும் தூங்கப் போகாதவரா? வாழ்த்து அதைத்தான் பார்க்கிறது. பகலில் இது நம் கண்ணில் படுவதில்லை, ஏனென்றால் பகலில் பெரும்பாலோர் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் சாப்பிட்டு ஒன்றாகவே நகர்கிறார்கள். கடிகாரமே போதும் போலத் தோன்றுகிறது. நள்ளிரவுக்கு மேல்தான் அந்த ஒற்றுமை கலைகிறது.

கடிகாரமுள்

ஏ.எம். விளக்கத்துக்கு நன்றி, அதைத் தவறாகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் உங்கள் முடிவை ஏற்க முடியவில்லை. மேசையில் இருப்பவர் வருகிறவர் தூங்கினாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? விதி என்றால் யாரும் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். கடிகாரம் எல்லோருக்கும் ஒன்றுபோல் தெரியும். தூக்கம் தெரியாது.

மொழிமேசை

நான் இத்தாலிய மொழியிலிருந்து மொழிபெயர்ப்பவள். “எல்லோருக்கும் ஒன்றுபோல்” என்ற இடத்தில் எனக்கு ஒரு சொல் இருக்கிறது. இத்தாலியில் பகல் வாழ்த்து புவோன்ஜோர்னோ, மாலை வாழ்த்து புவோனசேரா. பல பகுதிகளில் பிற்பகல் நன்றாகச் சாய்ந்த பிறகுதான் புவோனசேரா வரும். டஸ்கனியிலும் சார்டினியாவிலும் மதியச் சாப்பாடு முடிந்ததுமே, வெயில் உச்சியில் இருக்கும்போதே புவோனசேரா சொல்லிவிடுவார்கள். ஒரே நாடு, ஒரே கடிகாரம், ஒரே சொல். எல்லைக்கோடு மட்டும் சில மணி நேரம் தள்ளி நிற்கிறது. ஒரு கதையில் கதாபாத்திரம் மூன்று மணிக்கு புவோனசேரா என்று சொன்னதை ‘மாலை வணக்கம்’ என்று பெயர்த்துவிட்டு, அடுத்த பத்தியில் நடுப்பகல் வெயில் வந்ததும் திகைத்துப்போனேன். கடைசியில் வெறும் ‘வணக்கம்’ என்று மாற்றினேன்.

ஸ்பானிய மொழியிலும் பகல் வாழ்த்திலிருந்து பிற்பகல் வாழ்த்துக்கு மாறுவது பலருக்குச் சாப்பாட்டோடு வருகிறது. அங்கே மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான். எனவே ஒன்றரை மணிக்கும் காலை வாழ்த்தைக் கேட்கலாம்.

சொல்தேடி

அருமையான எடுத்துக்காட்டு. ஆங்கிலத்திலேயே கோடு நகர்ந்திருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தில் ஜூலியட்டின் செவிலித்தாய் வந்து எல்லோருக்கும் காலை வாழ்த்துச் சொல்கிறாள். மெர்குஷியோ அவளைத் திருத்தி மாலை வாழ்த்துச் சொல்கிறான். அதற்குள் மாலையா என்று அவள் கேட்க, கடிகார முள் நண்பகலைத் தொட்டுவிட்டது என்கிறான். அன்று நண்பகல் தாண்டினாலே மாலை வாழ்த்து வந்துவிடும். இன்று அதே மொழியில் ஐந்து, ஆறு மணி வரை காத்திருக்கிறார்கள். நடுவில் குட் ஆஃப்டர்நூன் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆங்கிலத்தில் நண்பகலைக் குறிக்கும் ‘நூன்’ என்ற சொல்லும் அப்படி நகர்ந்ததுதான். அது லத்தீனில் ‘ஒன்பதாவது மணி’ என்பதிலிருந்து வந்தது. விடியலிலிருந்து எண்ணினால் பிற்பகல் மூன்று மணி வாக்கில் வரும். இடைக்காலத்தில் அது மெல்ல முன்னால் நகர்ந்து பன்னிரண்டில் நின்றுவிட்டது.

அதனால் கடிகாரமுள்ளுக்கு என் பதில்: கடிகாரம் எல்லோருக்கும் ஒன்றுதான், கோடு அப்படியல்ல. ஆனால் “பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும்” என்று நீங்கள் சொன்னது நியாயம். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

நிரலன்

என் அனுபவம் வேறு மாதிரி, ஆனால் இதே ஓட்டையில்தான் விழுந்தேன். ஒரு சேவைக்கு முகப்புப் பக்கத்தில் பெயர் சொல்லி வாழ்த்தும் வரி எழுதினேன். எல்லோரும் எழுதுவது போலத்தான்:

```js
const h = new Date().getHours();
if (h < 12) msg = "காலை வணக்கம்";
else if (h < 17) msg = "மதிய வணக்கம்";
else msg = "மாலை வணக்கம்";
```

பகலில் சோதித்தேன், சரியாக இருந்தது. ஒரு பயனர் எழுதினார்: இரவு 11:58 வரை மாலை வணக்கம் சொன்ன பக்கம் 12:02க்குக் காலை வணக்கம் சொல்கிறது, அவரோ உட்கார்ந்த இடத்திலிருந்து எழவே இல்லை. `getHours()` நள்ளிரவில் 0 தரும். 0 என்பது 12ஐ விடக் குறைவு. இவருக்குப் பயிற்சியில் கொடுத்த தாளும் என் நிரலும் ஒரே தவறைத்தான் செய்கின்றன: காலைக்கு முடிவு வைத்தோம், தொடக்கம் வைக்கவில்லை.

பிறகு முதல் வரியில் `h < 4` என்றால் வெறும் வணக்கம் என்று சேர்த்தேன். அந்த நான்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்னிடம் காரணம் இல்லை.

மின்னஞ்சலில் இன்னும் மோசம். அங்கே நிரல் ஓடுவது சேவையகத்தில், அதன் கடிகாரம் உலகப் பொது நேரத்தில். 04:30க்குக் காலை வணக்கத்தோடு ஒரே அஞ்சலை எல்லோருக்கும் அனுப்பினோம். ஒன்பது மணி நேரம் முன்னால் இருக்கும் ஊரில் அது பகல் 1:30. எட்டு மணி நேரம் பின்னால் இருக்கும் ஊரில் முந்தைய நாள் இரவு 8:30. ஒவ்வொருவரின் நேர மண்டலத்தையும் சேமித்துத் திருத்தினேன். அப்போதும் முழுதாகச் சரியாகவில்லை, ஏனென்றால் காலையில் போய்ச் சேர்ந்ததை மாலையில் திறப்பவர் இருக்கிறார். அஞ்சலில் நேரத்தையே எடுத்துவிட்டேன். விடியல்வாசல், உங்கள் குழுவுக்கும் இதுதான் பொருந்தும்: எழுதும் நேரமும் படிக்கும் நேரமும் ஒன்றல்ல.

பழைய ஐ.ஆர்.சி. அரட்டை அறைகளில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். உலகெங்கும் இருந்து ஆட்கள் இருப்பதால், ஒருவர் அறைக்குள் வந்தால் அவருக்கு எப்போதும் காலை, கிளம்பினால் எப்போதும் இரவு. யாருடைய கடிகாரத்தையும் பார்ப்பதில்லை.

இரவுச்செவிலி

நிரலன் சொன்ன அந்த அரட்டை அறை வழக்கம் எங்கள் வேலையில் தானாகவே இருக்கிறது. நான் 11 ஆண்டுகளாக இரவுப் பணி பார்க்கிறேன். மாலை ஏழரைக்குப் பணிக்கு வரும்போது எனக்கு அப்போதுதான் நாள் தொடங்குகிறது. கூட வேலை செய்பவள் “குட் மார்னிங்” என்பாள். நாங்கள் விளையாட்டுக்குச் சொல்வதில்லை, உண்மையிலேயே அப்படித்தான் உணர்கிறோம். ஜப்பானில் பல வேலையிடங்களில் எந்த நேரத்தில் பணிக்கு வந்தாலும் காலை வாழ்த்தான ‘ஒஹாயோ கொசாய்மாஸ்’தான் சொல்வார்கள் என்று அங்கே இருந்து வந்த ஒருவர் சொன்னபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

நோயாளியிடம் அதை நான் சொல்ல மாட்டேன். இரவு இரண்டு மணிக்கு ஒருவர் மணியடித்தால் தூங்கி எழுந்தவரா, வலியில் தூங்காமலே கிடப்பவரா என்று தெரியாது. காலை என்று சொன்னால் இரவு போய்விட்டது என்று நம்பிவிடுவார்கள். வயதானவர்கள் சிலர் உடனே எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடுவார்கள். மாலை என்றால் இனிமேல்தான் இரவு முழுவதும் கிடக்கிறது என்று சோர்ந்துபோவார்கள். அதனால் நான் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன், பிறகு மணியைச் சொல்வேன். “இப்போ ரெண்டு மணி ஆகுதுங்க, நான்தான் வந்திருக்கேன்.” வாழ்த்து இல்லை. யாராவது இறந்துபோன அறைக்குள் நுழையும்போதும் அப்படியே. அங்கே ‘குட்’ என்ற சொல்லே வாயில் வராது. விடியற்காலை ஐந்தானாலும் சரி.

உங்கள் விடுதியில் அவ்வளவு கனமான சூழ்நிலை வராது. ஆனால் எனக்குப் பழக்கமானது இதுதான்: தெரியாதபோது நேரத்தைச் சொல்லாதே, ஆளைச் சொல்.

முகப்பு_இரவுப்பணி

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். எங்களிடமும் ராத்திரி மூன்று மணிக்கு அவசரச் செய்தி வந்து அறையைக் காலி செய்துகொண்டு ஓடியவர்கள் உண்டு. இனி அப்படி ஒருவரிடம் வாழ்த்துச் சொல்ல மாட்டேன்.

சொல்தேடி ஐயா, நீங்கள் எழுதியபின் ஒன்று கவனித்தேன். எங்கள் கணினியில் தேதி நள்ளிரவில் மாறுவதில்லை. இரவுக் கணக்கு முடிக்கும் வரை முந்தைய தேதியிலேயே இருக்கும். நான் அதை இரண்டரை, மூன்று மணி வாக்கில் முடிப்பேன். ஒரு மணிக்கு வந்து அறை எடுப்பவர் முந்தைய இரவின் விருந்தினராகத்தான் பதிவாவார். அதாவது விடுதியே ஒரு மணியை நேற்று என்றுதான் நினைக்கிறது! மேசையில் இருக்கும் நான் மட்டும் குட் மார்னிங் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சொல்தேடி

பாருங்கள், உங்கள் மேசையிலேயே விடை இருந்திருக்கிறது. ஜப்பானியத் தொலைக்காட்சிகள் நள்ளிரவு நிகழ்ச்சிகளை 25 மணி, 26 மணி என்று அச்சிடுவது வழக்கம். நள்ளிரவு ஒன்றரையை 25:30 என்பார்கள். பார்ப்பவர் இன்னும் தூங்கவில்லை, அவருக்கு அது அதே நாளின் நீட்சி.

இப்போது கடிகாரமுள்ளின் கேள்விக்கு வருகிறேன். நம் இலக்கணத்தில் ஒரு நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் இன்றைய கணக்கில் நான்கு மணி நேரம். மாலை என்பது ஆறு முதல் பத்து வரை. யாமம் பத்து முதல் இரண்டு வரை. வைகறை இரண்டு முதல் ஆறு வரை. காலை ஆறு முதல் பத்து வரை. வைகறை விடியலைச் சேர்ந்தது, யாமம் இரவைச் சேர்ந்தது. எனவே கோடு நள்ளிரவில் விழவில்லை, இரண்டு மணியில் விழுகிறது. அது உங்கள் இரவுக் கணக்கு முடியும் நேரத்துக்கு அருகில் இருக்கிறது. நிரலன் வைத்த நான்குக்கும் மிகத் தொலைவில் இல்லை. இரவு விழித்திருப்பவர்களில் பலர் படுத்துவிடுவதும், முதல் ஆட்கள் எழத் தொடங்குவதும் இந்த இடைவெளியில்தான். இரண்டு மணிக்கு முன் வருபவர் பெரும்பாலும் நேற்றைச் சேர்ந்தவர், நான்குக்குப் பின் வருபவர் பெரும்பாலும் இன்றைச் சேர்ந்தவர். நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரத்துக்குத்தான் கண் வேண்டும்.

அடையாளங்கள் உங்களுக்கே தெரியும், நீங்களே எழுதினீர்கள். குளித்து, தலைவாரி, பெட்டியோடு கீழே வருபவர் எழுந்தவர். கசங்கிய பட்டு, கையில் கழற்றிய செருப்பு, தோளில் தூங்கும் குழந்தை என்றால் இன்னும் படுக்காதவர். எந்தப் பக்கம் நடக்கிறார் என்பதே பாதி சொல்லிவிடும்.

கடிகாரமுள்

சரி, இது ஒரு விதி மாதிரி இருக்கிறது. இரண்டு வரை ஈவினிங், நான்கிலிருந்து மார்னிங், நடுவில் ஆளைப் பார். ஆனால் இரவு 1:30க்கு குட் ஈவினிங் என்பதை என் காது இன்னும் ஏற்கவில்லை. ஈவினிங் என்றால் எனக்கு அந்தி வெளிச்சம். ஒன்றரை மணியில் அந்தி எங்கே?

மொழிமேசை

உங்கள் காது பொய் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் அந்த நேரத்துக்குச் சொல்லே இல்லை, அதுதான் சிக்கல். குட் நைட்டை விடைபெறுவதற்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். அதனால் மாலை வாழ்த்தை இரவு முழுவதும் இழுக்க வேண்டியிருக்கிறது, இழுத்த இடத்தில் அது மெலிந்து போகிறது. ஸ்பானியத்தில் இந்தத் தொல்லை இல்லை. இருட்டியபின் சந்தித்தாலும் புவெனாஸ் நோச்செஸ், பிரிந்தாலும் புவெனாஸ் நோச்செஸ். இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் ஆங்கிலம் போலத்தான், இரவு வாழ்த்து படுக்கைக்கு அனுப்புவதற்கு மட்டும்.

தமிழில் ‘இரவு வணக்கம்’ எந்தப் பக்கம் என்று எனக்கு உண்மையிலேயே தெளிவில்லை. வணக்கம் சந்திக்கும்போதும் சொல்வது, பிரியும்போதும் சொல்வது. ஆனால் குழுக்களில் எல்லோரும் அதைப் படுக்கப் போகும்போதுதான் போடுகிறார்கள். இரவு பத்து மணிக்கு மேடையேறி ஒருவர் “அனைவருக்கும் இரவு வணக்கம்” என்று தொடங்கினால் நிகழ்ச்சி முடிந்துவிட்டது போல் இருக்கிறது.

விடியல்வாசல்

எங்கள் குழுவிலும் இரவு வணக்கம் போட்டால் அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. கதவைச் சாத்தியது போலத்தான். நான் அதைச் சந்திக்கும்போது சொல்லிக் கேட்டதே இல்லை.

சொல்தேடி

எனக்கு மாற்றுக் கருத்து. ‘இரவு வணக்கம்’ என்பதை வரவேற்பாகவும் பழக்கப்படுத்தலாம், தமிழ் அதற்கு இடம் தருகிறது. குட் நைட்டின் நிழல் அதன்மேல் விழுந்திருப்பதால்தான் நமக்குக் கதவு சாத்துவது போலக் கேட்கிறது. ஆனால் ஒரு விடுதி மேசையில் அந்த முயற்சியைத் தொடங்கச் சொல்ல மாட்டேன். களைத்து வருபவருக்கு ஒரு நொடிக் குழப்பம் கூட அதிகம்.

முகப்பு_இரவுப்பணி

நான்கு இரவு கழித்து எழுதுகிறேன். பயிற்சித் தாளின் பின்பக்கம் நானே எழுதிக்கொண்டேன். இரண்டு வரை “வணக்கம், வாங்க”. கடிகாரமுள் அண்ணா சொன்ன அதே காரணம்தான், ஒன்றரை மணி ஈவினிங் என் வாயிலும் வரவில்லை. திரும்பி வருகிறவர் மேலே போகும்போது குட் நைட், அங்கே அது சரியாக உட்கார்ந்துவிடுகிறது. நான்குக்கு மேல் கீழே இறங்கி வருபவருக்கு குட் மார்னிங். இதுவரை யாரும் நின்று திருத்தவில்லை.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. நேற்று 3:20க்கு நீண்ட விமானப் பயணம் முடிந்து ஒரு பெண்மணி வந்தார். முகத்தைப் பார்த்தால் தூங்கி எழுந்தவர் போலவும் இருந்தது, பல நாள் தூங்காதவர் போலவும் இருந்தது. வணக்கம் சொன்னேன். அவர் என்னிடம் “இங்கே இப்போது காலையா, இரவா?” என்று கேட்டார். செவிலி அக்கா சொன்னது நினைவு வந்து, “மூன்று இருபது, இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது, விடிய நேரம் இருக்கிறது” என்றேன். தலையாட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். ஆறு மணிக்கு நான் கிளம்பும்போது அவரே கீழே வந்து நின்றார். மூன்று மணி நேரத்துக்குள் ஒரே ஆளைப் பார்க்கிறேன். மறுபடி வாழ்த்துச் சொல்வதா, முதலில் சொன்னதே போதுமா?

இரவுச்செவிலி

நடுவில் அவர் தூங்கியிருந்தால் அது புது நாள், சொல்லலாம். தூக்கம் வராமல் இறங்கி வந்திருந்தால் “தூக்கம் வரலையாம்மா?” என்று கேட்டிருப்பேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

முகப்பு_இரவுப்பணி

அவரே முந்திக்கொண்டு குட் மார்னிங் சொல்லிவிட்டார். நானும் சொன்னேன். பிறகுதான் வீட்டுக்குத் தூங்கக் கிளம்பினேன்.